வரைபடத்தில் பக்டி: வாடகைக் கட்டுப்பாட்டு விடையைத் திருத்தும் முறை

மும்பை மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு புதிதல்ல. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் பழைய குடியிருப்புகளின் வாடகையை 1940 செப்டம்பர் அளவையொட்டி உறையவைத்தது. ‘வாடகை உச்சவரம்பின் விளைவை வரைபடத்துடன் விளக்கி மதிப்பிடுக’ என்ற தேர்வுக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் விடை திருத்துவோர் பலர் படத்துக்கு இத்தனை, எடுகோளுக்கு இத்தனை, மதிப்பீட்டுக்கு இத்தனை என மதிப்பெண்ணைக் கூறுபோடுகிறார்கள். அழகாக வரைந்துவிட்டு அதைத் திரும்பியே பார்க்காத விடையும் இம்முறையில் தேறிவிடுகிறது.

ஒரு கற்பனைச் சந்தையை எடுத்துக்கொள்வோம். வாடகை (P) ஆயிரம் ரூபாயில்; தேவை Qd = 100 − 2P, அளிப்பு Qs = 20 + 2P. சமநிலை வாடகை 20, அறைகள் 60. உச்சவரம்பு 10 என்றால் 80 அறைகள் கேட்கப்படும், 40 மட்டுமே கிடைக்கும். உச்சவரம்புக் கோட்டைச் சமநிலைக்கு மேலே வரைந்த மாணவருக்குப் பற்றாக்குறையே தோன்றாது. அந்தப் பிழை பார்த்ததும் தெரியும். நல்ல மாணவர் இன்னொன்றையும் கவனிப்பார். 40ஆவது அறைக்குத் தேவைக் கோடு காட்டும் விலை 30. சட்டம் அனுமதிப்பது 10. இடையிலுள்ள அந்த 20 எங்கே போகிறது?

மும்பையில் அது பக்டியாக, அதாவது குடிபுகும்போது கைமாறும் பெருந்தொகையாக, வெளிப்பட்டது. ‘உச்சவரம்பு முழுமையாக நடைமுறையாகிறது, மறைமுகப் பணம் இல்லை’ என்று மாணவர் தொடக்கத்தில் எழுதிய எடுகோள் இங்கே முறிகிறது. மதிப்பீடு தொடங்க வேண்டிய இடமும் இதுதான். பக்டி புழங்கினால் குடியிருப்பவர் தரும் உண்மை விலை உச்சவரம்பைவிட உயரும். ஆதாயத்தில் ஒரு பங்கு உரிமையாளருக்குப் போகும். கையில் மொத்தப் பணமில்லாதவர் வெளியே நிற்பார். 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைச் சட்டம் இத்தொகையைச் சட்டப்படியே வாங்க இடமளித்தது என்று சேர்த்தால் வாதம் வலுக்கும்.

மாறாக, ‘இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’ என்று முடிப்பது மதிப்பீடே அல்ல. அந்த வாக்கியத்தை எந்தக் கேள்விக்கும் ஒட்டலாம்.

இரண்டாவது எடுகோள் சந்தை ஒன்றே என்பது. மாட்டுங்காவில் அறை கிடைக்காதவர் தாராவியிலோ செம்பூரிலோ தேடினால், கட்டுப்பாடு எட்டாத வாடகைச் சந்தையில் தேவைக் கோடு வலப்புறம் நகர்ந்து அங்கே வாடகை ஏறும். இதற்கு இரண்டாவது படம் வேண்டியதில்லை, ஒரு வாக்கியம் போதும். நேரம் குறைந்த தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

கடினமான வழக்கும் உண்டு. ஒரு மாணவர் அளிப்புக் கோட்டைச் செங்குத்தாக வரைகிறார். கட்டடங்கள் உடனே கூடவோ குறையவோ செய்யாத குறுகிய காலம் என்று அவர் சொல்லியிருந்தால் படம் சரி. பற்றாக்குறை உண்டு, அளிப்பு மட்டும் சுருங்காது. எடுகோளைச் சொல்லாமல் விட்டிருந்தால் மதிப்பெண் குறைக்கலாம். ஆனால் அந்தப் படத்திலிருந்தே அடுத்த வாதங்களை முரணின்றி வளர்த்திருந்தால், அவற்றுக்குரிய மதிப்பெண்ணைப் பறிக்கக் கூடாது.