தேர்வறிக்கை வாசிப்பு: நூற்றுமானம், திட்ட விலக்கம், வளர்ச்சி

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்பது ஒரே வினாத்தொகுதியை ஒரே நேர அளவில், ஒரே திருத்தும் முறையில் பெருந்தொகையான மாணவர்களுக்கு நடத்தி, ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் ஒரு ஒப்பீட்டுக் குழுவோடு வைத்துப் பார்க்கும் தேர்வு. அமெரிக்கப் பள்ளிகளில் கல்வியாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இத்தகைய தேர்வுகள் நடக்கின்றன. ஆசிரியர் கைக்கு வரும் அறிக்கையில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கும்: அளவுகோல் மதிப்பெண், நூற்றுமானம் (பேச்சுவழக்கில் பெர்சன்டைல்), வளர்ச்சி. மூன்றுக்கும் அடியில், பெரும்பாலும் அச்சில் தெரியாமல், திட்ட விலக்கம் இருக்கிறது. நூற்றுமானம் இடத்தைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. ஒரு நூற்றுமானத்திலிருந்து இன்னொன்றைக் கழித்து மாணவரின் முன்னேற்றத்தை அறிய முடியாது என்பதற்கு இதுவே காரணம். இந்த அறிக்கைகளைப் படிப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கழித்தலில்தான் தொடங்குகின்றன.

தோற்றம்

1884இல் லண்டனில் நடந்த சர்வதேச சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் ஒரு மனித அளவீட்டுக் கூடத்தை அமைத்தார். மூன்று பென்னி கட்டணம் செலுத்தியவர்களின் உயரம், எடை, மூச்சின் கொள்ளளவு, கைப்பிடி வலு, பார்வைக் கூர்மை முதலியவை அங்கே அளக்கப்பட்டன. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் அளவுகள் சேர்ந்தன. உயரம் அங்குலத்தில், எடை பவுண்டில் என்று இருந்தால் இரண்டையும் ஒப்பிட வழியில்லை. அலகையே விட்டுவிட்டு, ஒருவர் நூறில் எத்தனை பேரை மிஞ்சுகிறார் என்று மட்டும் பார்த்தால் ஒப்பிடலாம். 1885இல் அந்த முடிவுகளை வெளியிட்டபோது கால்டன் இந்த முறையையே கையாண்டார். நூற்றுமானத்தின் வசதியும் குறையும் அப்போதே சேர்ந்து வந்தன. அலகை விட்டதால் எதையும் எதனோடும் ஒப்பிட முடிந்தது. அதே காரணத்தால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் எவ்வளவு இடைவெளி என்பது மறைந்துபோனது.

மறைந்ததை மீட்கும் கருவிக்கு 1893இல் கார்ல் பியர்சன் பெயர் சூட்டினார். அதுதான் திட்ட விலக்கம். அதற்கு முன்பும் வானியலாளர்கள் வேறு பெயர்களில் இதே கணக்கைப் போட்டு வந்தனர். 1922இல் வில்லியம் மெக்கால் இதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வயதுக் குழந்தைகளை ஒப்பீட்டுக் குழுவாக வைத்து, சராசரி 50, திட்ட விலக்கம் 10 என்று அமையும் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அது டி-மதிப்பெண் எனப்படுகிறது. டேவிட் வெக்ஸ்லரின் நுண்ணறிவுத் தேர்வில் சராசரி 100, திட்ட விலக்கம் 15. எண்கள் மாறினாலும் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறார் என்ற கேள்வி மாறவில்லை.

இடமும் தூரமும்

திட்ட விலக்கத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஐந்து பேர் உள்ள ஒரு வகுப்பில் மதிப்பெண்கள் 44, 48, 50, 52, 56. இன்னொரு வகுப்பில் 20, 40, 50, 60, 80. இரண்டிலும் சராசரி 50. ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுத்தால் முதல் வகுப்பில் 4 வரும், இரண்டாவதில் 20 வரும். 56 என்ற மதிப்பெண் முதல் வகுப்பில் ஒன்றரை திட்ட விலக்கம் மேலே நிற்கிறது. இரண்டாம் வகுப்பில் அதே 56 சராசரியை விட்டு மூன்றில் ஒரு பங்கு விலக்கம்கூட நகரவில்லை. மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று தெரியாமல், சராசரியைவிட ஆறு கூடுதல் என்பதற்குப் பொருள் கிடையாது.

பெரிய குழுக்களில் மதிப்பெண்கள் பெரும்பாலும் நடுவில் நெருக்கமாகவும் ஓரங்களில் அரிதாகவும் அமைகின்றன. நூறில் ஏறத்தாழ 68 பேர் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். கூட்ட நேரத்தில் கோயில் வரிசை நிற்பதைப் போன்றதுதான் இது: நெரிசலான இடத்தில் ஓரடி முன்னே வைத்தால் பத்துப் பேரைக் கடந்துவிடலாம், ஆள் குறைந்த முனையில் பல அடி நடந்தாலும் ஒருவரைக்கூடத் தாண்ட முடியாது. சராசரி 200, திட்ட விலக்கம் 16 உள்ள ஓர் அளவுகோலில் 50ஆம் நூற்றுமானத்திலிருந்து 60க்கு உயர நான்கு புள்ளிகள் போதும். 90இலிருந்து 99க்கு உயர ஏறத்தாழ பதினேழு புள்ளிகள் வேண்டும். முதலாமவர் பத்துப் படி, இரண்டாமவர் ஒன்பது படி என்று அறிக்கையில் தெரிகிறது. கற்றதோ நான்கு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது.

ஓர் அறிக்கை

இதே அளவுகோலில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அறிக்கையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். செப்டம்பரில் அவள் மதிப்பெண் 208. அதாவது சராசரிக்கு அரை திட்ட விலக்கம் மேலே, நூற்றுமானம் 69. இதை 69 சதவீதக் கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தாள் என்று படிப்பது பரவலான தவறு. ஒப்பீட்டுக் குழுவில் நூறுக்கு 69 பேர் அவளைவிடக் குறைவாக எடுத்தார்கள் என்பது மட்டுமே இதன் பொருள். அறிக்கையில் அளவீட்டுப் பிழை 3 என்று இருந்தால், அவளுடைய உண்மையான நிலை 205க்கும் 211க்கும் இடையில் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. இந்த வீச்சை நூற்றுமானத்தில் வைத்தால் 62இலிருந்து 75 வரை விரிகிறது. 69 எடுத்தவளும் 65 எடுத்தவனும் அளவீட்டின் கண்ணில் ஒருவரே.

மே மாதத்தில் அவள் எடுத்தது 218. அந்தப் பருவத்துக்கான ஒப்பீட்டுச் சராசரி 212, திட்ட விலக்கம் முன்போலவே 16. நூற்றுமானம் இப்போது 65. நூற்றுமானத்தை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு இவள் நான்கு படி இறங்கிவிட்டாள். அளவுகோல் மதிப்பெண்ணைப் பார்த்தால் பத்துப் புள்ளிகள் உயர்ந்திருக்கிறாள். ஆனால் குழுவின் சராசரி வளர்ச்சி பன்னிரண்டு. அப்படியானால் பின்தங்கிவிட்டாளா? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, இரண்டு தேர்வுகளின் பிழையும் சேர்வதால் வளர்ச்சியின் பிழை மூன்றைவிடப் பெரிது, ஏறத்தாழ 4.2. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதற்குள் மறைந்துவிடும். இரண்டாவது விடை இதைவிட முக்கியமானது. அவளை யாரோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்வி அது.

இங்கே கால்டன் மீண்டும் வருகிறார். 1886இல் அவர், மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் குறைந்த உயரத்தில் இருப்பதைக் காட்டினார். ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டாத எந்த இரண்டு அளவுகளிலும் முதலில் ஓரத்தில் நின்றவர்கள் அடுத்த முறை சராசரியை நோக்கித் திரும்புவார்கள். செப்டம்பர், மே மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவு 0.8 என்று கொண்டால், செப்டம்பரில் 176 எடுத்தவர்கள் மே மாதத்தில் சராசரியாக 193 எடுப்பார்கள். அது பதினேழு புள்ளி வளர்ச்சி. 224 எடுத்தவர்கள் 231 எடுப்பார்கள், அது வெறும் ஏழு. கடைசி வரிசை மாணவர்களைத் தேர்ந்து தனி வகுப்பு வைத்து, ஆண்டு முடிவில் அவர்கள் பன்னிரண்டுக்கு மேல் வளர்ந்ததைக் காட்டினால், அதில் ஐந்து புள்ளிகள் தனி வகுப்பு இல்லாமலே வந்திருக்கும். 208இல் தொடங்கியவர்களுக்கு இதே கணக்கில் எதிர்பார்க்கத்தக்க மே மதிப்பெண் 218.4. நம் மாணவி எடுத்தது 218. அவள் இறங்கவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. தன்னோடு ஒரே இடத்தில் தொடங்கியவர்கள் வளர்ந்த அளவுக்கே வளர்ந்திருக்கிறாள். ஒரே இடத்தில் தொடங்கியவர்களுக்குள் ஒப்பிடும் இந்த முறையைத்தான் வளர்ச்சி நூற்றுமானம் என்ற பெயரில் கொலராடோ மாநிலம் பின்பற்றத் தொடங்கியது. பின்னர் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. அதன்படி இவளுடைய எண் 50க்குச் சற்றே கீழே இருக்கும்.

மறுப்புகள்

பெற்றோருக்குப் புரிவது நூற்றுமானம்தான், அதை விட்டுவிட்டால் அறிக்கை பயன்படாது என்று சொல்லப்படுகிறது. இதில் நியாயம் உண்டு. நூற்றுமானத்தை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், 62க்கும் 75க்கும் இடையில் என்று வீச்சாகச் சொன்னால் எளிமையும் கெடாது, பொய்யான துல்லியமும் வராது. ஒரு மாணவரின் வளர்ச்சியை இவ்வளவு மங்கலாகத்தான் அளக்க முடியும் என்றால் தேர்வு எதற்கு என்பது அடுத்த கேள்வி. இருபத்தைந்து பேரின் சராசரியில் தற்செயல் அளவீட்டுப் பிழை ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. ஒரு பாடப்பகுதி முழு வகுப்புக்கும் எட்டவில்லை என்பது அப்போது தெளிவாகத் தெரியும். எனினும் அந்தச் சராசரியை ஆசிரியரின் திறமைக்கு அளவாகக் கொள்வது சரியல்ல. மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியர்களின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காண்பதாக அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014இல் எடுத்துரைத்தது.

ஒப்பீட்டுக் குழு சரியாக இருக்கும் வரை மட்டுமே இந்தக் கணக்குகள் எல்லாம் நிற்கும். 1987இல் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜான் கேனல், தொடக்கப் பள்ளி மட்டத்தில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் தேசியச் சராசரிக்கு மேலே இருப்பதாகக் கூறிக்கொள்வதை அம்பலப்படுத்தினார். பழைய ஆண்டின் குழுவோடு ஒப்பிட்டதும், அதே வினாத்தாளுக்குப் பழக்கியதும் அதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி கையாளப்படுகிறது. பாடம்தோறும் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் என்று பார்ப்பதே அதுவும். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களைச் சேர்த்துக் கணக்கிட்ட இசட் புள்ளிகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் செல்லாதவையாக்கியது. சூத்திரத்தில் பிழை இருக்கவில்லை, யாரை ஒரே குழுவாகக் கொள்வது என்பதில்தான் பிழை.



ஆகவே அறிக்கையைப் படிக்கும் வரிசை இதுவே: முதலில் ஒப்பீட்டுக் குழு யார், எந்த ஆண்டினர், பிறகு அளவுகோல் மதிப்பெண்ணும் அதன் பிழையும், அதன் பின் ஒரே இடத்தில் தொடங்கியவர்களோடு ஒப்பிட்ட வளர்ச்சி, நூற்றுமானம் கடைசியில், அதுவும் வீச்சாக.