கதைக்கு வாக்களித்தோர்

கதையைச் சொல்பவர் ஒருவர், கேட்பவர் பலர். தொன்றுதொட்டு வந்த முறை இதுவே. கேட்பவர் அழலாம், சிரிக்கலாம், "ஐயோ, அந்தக் கதவைத் திறவாதே!" என்று கூவலாம். ஆயினும் கதவு திறக்கப்படுவதும் திறக்கப்படாததும் கதாசிரியரின் விருப்பத்தையே பொறுத்தன. இன்றோ, பகுதி பகுதியாக வெளிவரும் காணொளிக் கதைகளில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கதைத்தலைவனை இரு வழிகளின் முன்னே நிறுத்தி, "இவன் எவ்வழியே செல்ல வேண்டும்?" என்று பார்ப்போரையே வினவுகிறார்கள். பெரும்பான்மையோர் விரும்பிய வழியில் அடுத்த பகுதி அமைகிறது. இதனை நம் காலத்துப் புதுமை என்று கருதுவோர் பலர். ஆனால் இதற்கு அறுபதாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பார்ப்போரின் வாக்குக்கு உண்மையில் எவ்வளவு வலிமை இருந்தது என்பதே அவ்வரலாற்றில் நாம் ஆராயத்தக்க செய்தி.

1961ஆம் ஆண்டில் வில்லியம் காசில் என்னும் அமெரிக்க இயக்குநர் 'மிஸ்டர் சார்டோனிகஸ்' என்னும் திகில் படத்தை வெளியிட்டார். படம் பார்க்க வந்தோர் ஒவ்வொருவருக்கும் கட்டைவிரல் வரைந்த அட்டை ஒன்று தரப்பட்டது. படத்தின் இறுதியில் இயக்குநரே திரையில் தோன்றி, கொடியவனைத் தண்டிப்பதா, மன்னிப்பதா என்று கேட்டார். விரல் கீழ்நோக்குமாறு பிடித்தால் தண்டனை, மேல்நோக்கினால் மன்னிப்பு. இரண்டு முடிவுகளும் ஆயத்தமாக உள்ளன என்று காசில் கூறி வந்தார். ஆனால் மன்னிக்கும் முடிவைக் கண்டவர் எவரும் உளர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அது படமாக்கப்படவே இல்லை என்பதே பலர் துணிபு. வாக்கெடுப்பு நடந்தது, தீர்ப்போ முன்னரே எழுதப்பட்டிருந்தது.

மெய்யாகவே இரு வழிகளையும் படம்பிடித்து, வாக்குகளை எண்ணி, வென்ற வழியைத் திரையில் காட்டிய முதல் முயற்சி 1967ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரீல் நகர உலகக் கண்காட்சியில் நிகழ்ந்தது. அங்கே செக்கோஸ்லோவாக்கியா நாட்டுக் கூடத்தில் 'கினோஆட்டோமாட்' என்னும் அரங்கு அமைக்கப்பட்டிருந்தது. அதனை உருவாக்கியவர் ராதூஸ் சிஞ்செரா. காட்டப்பட்ட படத்தின் பெயர் 'ஒரு மனிதனும் அவன் வீடும்'. அரங்கில் 127 இருக்கைகள். ஒவ்வோர் இருக்கையிலும் சிவப்புப் பொத்தான் ஒன்று, பச்சைப் பொத்தான் ஒன்று. கதை நெருக்கடியான கட்டத்தை அடைந்ததும் படம் நிற்கும். நெறியாளர் ஒருவர் மேடைக்கு வந்து வினாவைத் தொடுப்பார். எந்த இருக்கையினர் எந்த நிறத்தைத் தேர்ந்தனர் என்பது திரையைச் சுற்றியுள்ள எண்களில் ஒளிவிடும். கதைத்தலைவராக நடித்த மிரோஸ்லாவ் ஹோர்னீசெக் என்பவரே நேரில் மேடையேறி, "இப்போது நான் என் செய்வது?" என்று கேட்டதும் உண்டு. திரையில் தவிப்பவனே எதிரில் வந்து யோசனை கேட்டால் யார்தாம் வாளாவிருப்பர்!

படத்தின் தொடக்கத்திலேயே ஓர் அடுக்குமாடி வீடு தீப்பற்றி எரிகிறது. அத்தீக்குத் தாம்தாம் காரணமோ என்று கலங்கும் நோவாக் என்பவர், நடந்தவற்றை நமக்குக் காட்டத் தொடங்குகிறார். அடுத்த வீட்டு இளம்பெண் குளித்தெழுந்து துண்டை மட்டும் உடுத்திய கோலத்தில் வெளியே வர, கதவு தானே பூட்டிக்கொள்கிறது. அவள் நோவாக்கின் கதவைத் தட்டுகிறாள். அவருடைய மனைவியோ வீடு திரும்பும் வேளை. பெண்ணை உள்ளே விடுவதா, வேண்டாவா? இவ்வாறு தொடங்கி ஒன்பது இடங்களில் வாக்கெடுப்பு நிகழ்கிறது. தீயின் முதல் அறிகுறியைச் சொல்வதற்காக, வழிமறிப்பவரையும் மீறிப் பிறர் வீட்டினுள் நுழைவதா என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று.

இங்கே நேயர்கள் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். முதல் வினாவில் கதை இரண்டாகப் பிரிகிறது. அவ்விரண்டும் தனித்தனியே வளர்ந்தால் இரண்டாம் வினாவுக்குப் பின் நான்கு கிளைகள். மூன்றாவதற்குப் பின் எட்டு. ஒன்பதாவதற்குப் பின் 512. எல்லாக் கிளைகளுக்கும் காட்சிகள் வேண்டுமாயின் மொத்தம் 1,022 காட்சிகள் எடுத்தாக வேண்டும். ஒரு முறை பார்ப்பவர் அவற்றுள் ஒன்பதையே காண்பார். எந்த நிறுவனத்தாலும் தாங்கவியலாத செலவு இது.

சிஞ்செரா குழுவினர் கண்ட வழி எளியது. கதையைப் பிரித்தார்கள், பிரித்த இடத்திலிருந்து சிறிது தொலைவிலேயே மீண்டும் இணைத்தார்கள். பெண்ணை உள்ளே விட்டாலும் விடாவிட்டாலும் கதை அடுத்த வினாவின் வாயிலுக்கே வந்து சேரும். எனவே வினாவுக்கு இரண்டாகப் பதினெட்டுக் காட்சிகள் போதுமானவை ஆயின. படங்காட்டும் கருவிகள் இரண்டு ஒரே சீராக ஓடும். வாக்கில் தோற்ற வழியைக் காட்டும் கருவியின் கண்ணாடியை மறைத்துவிடுவார்கள். இம்முறைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இணையான காட்சிகள் இரண்டும் ஒரே கால அளவினவாக இருத்தல் வேண்டும். அதனினும் கடினமானது, முன்னே எடுத்த முடிவின் வடு பின்வரும் காட்சிகளில் தெரியலாகாது என்பது.

அதனால் விளைந்தது யாது? பார்ப்போர் எப்படி வாக்களித்தாலும் இறுதியில் வீடு எரிந்தே தீரும். இது செலவுக்கு அஞ்சிச் செய்த சிக்கனம் மட்டுமன்று. சிஞ்செராவின் உள்நோக்கமும் ஆகும். வாக்களிக்கும் மகிழ்ச்சியில், தம் வாக்கால் ஒன்றும் மாறவில்லை என்பதை மக்கள் கவனிப்பதில்லை என்று மக்களாட்சியையே அவர் எள்ளி நகையாடினார். பொதுவுடைமைக் கட்சி ஒன்றே ஆண்ட நாட்டில் இந்த நகைச்சுவைக்கு வேறொரு கூர்மையும் இருந்தது. 1971ஆம் ஆண்டில் பிராக் நகரில் திரையிடப்பட்ட இப்படம் அடுத்த ஆண்டே தடை செய்யப்பட்டது.

பின்னர் 1990களில் செக் தொலைக்காட்சி இதனை இரண்டு அலைவரிசைகளில் ஒரே வேளையில் ஒளிபரப்பியது. அம்முயற்சி வெற்றி பெறவில்லை. வீட்டில் தனியே அமர்ந்து அலைவரிசையை மாற்றுபவருக்கு, அயலாரோடு போட்டியிட்டு வெல்லும் இன்பமோ தோற்கும் ஏமாற்றமோ இல்லை. அன்றியும், மாற்றி மாற்றிப் பார்ப்பவர், இரு வழிகளும் ஓரிடத்தில் கூடுவதை எளிதில் கண்டுகொள்வார். 2007ஆம் ஆண்டில் சிஞ்செராவின் மகள் அலேனா இப்படத்தைப் பிராக் நகரில் மீண்டும் அரங்கேற்றினார். அரங்கில்தான் அது மறுபடியும் உயிர் பெற்றது.

இன்றைய தொடர் காணொளிகளுக்கு அந்தப் பழைய கணக்கு இடையூறு செய்வதில்லை. வாக்குகளை எண்ணிய பின்னரே அடுத்த பகுதி எடுக்கப்படுவதால் வென்ற வழியை மட்டும் படமாக்கினால் போதும். இது பெரிய விடுதலையே. ஆயினும் இதில் ஓர் இழப்பும் உண்டு. மான்ட்ரீலில் ஐயுற்றவர், மறுநாளும் சென்று மற்ற வழியைக் கண்டு சரிபார்த்திருக்கலாம். தோற்ற வழி படமாகவே இல்லாதபோது அதனைச் சரிபார்ப்பது எங்ஙனம்?

ஒரு சோதனை உண்டு. அடுத்த பகுதியை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடலாகாது. அதற்கும் அடுத்த பகுதிவரை பொறுத்திருத்தல் வேண்டும். நாம் வாக்களித்ததன் பயன் அங்கும் தொடர்கிறதா? உள்ளே விடப்பட்ட பெண் அங்கும் கதையில் இருக்கிறாளா, அல்லது வந்த சுவடின்றி மறைந்தாளா? சுவடு இருந்தால் நம் வாக்குக் கதையை நடத்தியது எனலாம். இல்லையேல் வீடு எரிவது முன்னரே முடிவாகிவிட்டது. நாம் தேர்ந்தெடுத்தது பொத்தானின் நிறத்தை மட்டுமே.