ஆங்கிலக் கடிதத்தின் கடைசி வரி: ‘பெயித்ஃபுலி’யா, ‘சின்சியர்லி’யா?

உருத்திரபுரத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார் என்றால், அநேகமாக அது கடல்கடந்து போகிற கடிதமாகத்தான் இருக்கும். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். கரைச்சி பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும் என்பது என் கருத்து. தூதரகத்துக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதும்போதுதான் ஆங்கிலம் தேவைப்படுகிறது. அப்போது பலர் கடைசி வரியில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. அமைச்சருக்கும் ஆசிரியருக்கும் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று முடித்துவிடலாம். பிரித்தானிய வழக்கிலோ கடைசி வரியைத் தீர்மானிப்பது முதல் வரி. ‘டியர் சேர்’ அல்லது ‘டியர் சேர் ஓர் மடம்’ என்று பெயரில்லாமல் தொடங்கினால் ‘யுவர்ஸ் பெயித்ஃபுலி’. ‘டியர் மிஸ்டர் பிரவுண்’ என்று பெயர் சொல்லித் தொடங்கினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. பெறுபவரின் பதவி பெரிதா சிறிதா என்பது இங்கே கணக்கில் இல்லை.

ஏன் இப்படி? பழைய கடிதங்கள் ‘நான் என்றும் தங்கள் விசுவாசமுள்ள சேவகன்’ என்ற பொருளில் ஒரு முழு வாக்கியமாக முடிந்தன. அது தேய்ந்து மிஞ்சியதுதான் ‘யுவர்ஸ் பெயித்ஃபுலி’. விசுவாசம் முகம் தெரியாத எசமானுக்கும் காட்டக்கூடியது. ‘சின்சியர்’ என்பதோ ஒளிவுமறைவற்ற மனதைச் சொல்கிறது. அதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். 1930 மார்ச் 2ஆம் திகதி, உப்புச் சட்டத்தை மீறப்போவதாக வைசிராய் இர்வினுக்கு அறிவித்த காந்தி, கடிதத்தை ‘டியர் ஃபிரெண்ட்’ என்று தொடங்கி ‘யுவர் சின்சியர் ஃபிரெண்ட்’ என்று முடித்தார். ஆட்சியாளருக்குச் சேவகனாகக் கையெழுத்திடாமல் நண்பனாக இட்டது, சொல்லாமல் சொன்ன அரசியல்.

அண்மையில் ஊரில் ஒரு தங்கைக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எழுத உதவினேன். பட்டச் சான்றிதழ் கைக்கு வரத் தாமதம். அனுமதிக்கான காலக்கெடுவை நீடிக்கும்படி கேட்க வேண்டும். அவள் கொண்டுவந்த வரைவு ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடிந்திருந்தது. பாடசாலையில் அதிபருக்கு லீவுக் கடிதம் எழுதிப் பழகிய வரி அது. ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள’ என்று பொருள். இன்று இங்கிலாந்தில் அலுவலகக் கடிதத்தில் அதைப் பார்ப்பவர் வியப்படைவார். யார் வாசிப்பார் என்று தெரியாததால் ‘டியர் சேர் ஓர் மடம்’ என்று தொடங்கி ‘யுவர்ஸ் பெயித்ஃபுலி’ என்று முடித்தோம்.

பத்து நாளில் ஓர் அதிகாரி தன் பெயரைப் போட்டு, இவளையும் பெயர் சொல்லி விளித்துப் பதில் அனுப்பினார். கூடுதல் விபரம் கேட்டிருந்தார். தங்கை பழைய கடிதத்தின் கோப்பைத் திறந்து, மேலே அதிகாரியின் பெயரை மட்டும் மாற்றினாள். கீழே ‘பெயித்ஃபுலி’ அப்படியே இருந்தது. தட்டச்சுக் கடைகளில் நான் அதிகம் காண்பதும் இதுதான். இதற்காக யாரும் அனுமதியை மறுக்கப்போவதில்லை. ஆனால் வேறொரு கடிதத்தின் மேல் எழுதியது என்று தெரிந்துவிடும். பெயர் சொல்லிப் பேசியவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது போலவும் இருக்கும். ‘சின்சியர்லி’ என்று மாற்றினோம். பிறகு மின்னஞ்சலில் பேச்சு வளர்ந்தபோது அவர் ‘கைண்ட் ரிகார்ட்ஸ்’ என்று முடித்தார், இவளும் அப்படியே முடித்தாள். மின்னஞ்சலில் எதிராளி எவ்வளவு நெருங்குகிறாரோ அவ்வளவு நெருங்கினால் போதும்.

எம்மவருக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு: பெயர். ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ என்பவற்றுக்குப் பின்னால் ஆங்கிலேயர் குடும்பப் பெயரையே போடுவார்கள். ஜோன் பிரவுண் என்பவரை ‘டியர் மிஸ்டர் ஜோன்’ என்று விளித்துவிட்டு ‘சின்சியர்லி’ போட்டால் கடைசி வரி சரி, முதல் வரி பிழை. ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் முழுப் பெயரையும் எழுதலாம். அதேபோல எமது கையெழுத்தின் கீழ் முதலெழுத்தும் பெயரும் மட்டும் இருந்தால், பதில் எழுதுபவர் தடுமாறுவார். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘மிஸ்’ அல்லது ‘மிஸ்டர்’ என்று தட்டச்சு செய்துவிட்டால் அவருக்கும் லேசு.

எழுத்து விடயத்தில் மூன்றைக் கவனித்தால் போதும். ‘யுவர்ஸ்’ என்பதன் முதலெழுத்து பெரியது, அடுத்த சொல்லின் முதலெழுத்து சிறியது. ‘யுவர்ஸ்’ என்பதில் ‘எஸ்’ எழுத்துக்கு முன் மேற்குறி வராது. க.பொ.த. சாதாரண தர மாணவர்களின் கொப்பிகளில் அந்தக் குறியை அடிக்கடி காண்கிறேன்.

இந்த விதி பிரித்தானியாவுக்கும் அதன் வழிவந்த எமது பாடப்புத்தகங்களுக்கும் உரியது. அமெரிக்காவில் ‘பெயித்ஃபுலி’ அரிது. முன்பின் தெரியாதவருக்கும் ‘சின்சியர்லி’ என்றே முடிப்பார்கள். அங்கிருந்து ‘டியர் சேர்’ என்று தொடங்கி ‘சின்சியர்லி’ என்று முடியும் கடிதம் வந்தால், அதைப் பிழை என்று சிவப்புப் பேனாவால் வட்டமிட வேண்டாம்.