வாய்ப்பேச்சும் எழுத்துக்குறிப்பும்: ஒரு வரிமாற்ற வாரத்தின் இரு வடிவங்கள்

2025 செப்டம்பர் 3 புதன்கிழமை இரவு ஜிஎஸ்டி கவுன்சில் தன் 56ஆவது கூட்டத்தின் முடிவுகளை அறிவித்தது. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5க்கும் 18க்கும் இறங்கின. 18இல் இருந்த சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவை 5க்கு வந்தன. நடைமுறைக்கு வரும் நாள் செப்டம்பர் 22, திங்கட்கிழமை. கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் நிறுவனங்களுக்குக் கிடைத்தது மூன்று வாரத்துக்கும் குறைவு.

அப்படி ஒரு குழு சென்னையில் இருப்பதாக மாதிரிக்கு வைத்துக்கொள்வோம். 17ஆம் தேதி புதன்கிழமை மாலை. டீம் லீட் எல்லோரையும் கூப்பிட்டு நின்றபடியே பேசுகிறார்:

“எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் இங்க வாங்கப்பா. திங்கட்கிழமை காலைல கடைக்காரங்க ஷட்டரத் தூக்குறப்போ பில்லுல புது வரி வந்தாகணும். வரலைன்னா போன் பண்ணியே கொன்னுடுவாங்க. ரேட் மாஸ்டர் முடிஞ்சிடுச்சு, நம்மாளுங்க பின்னிட்டாங்க. ரிட்டர்ன் மட்டும்தான் இழுக்குது. போன தடவை மாதிரி சொதப்பாம இருந்தா அதையும் முடிச்சிடலாம். டெஸ்டிங் ஆளுங்க கொஞ்சம் கருணை காட்டுங்க, எல்லாத்துக்கும் பக் போடாதீங்க! அந்த எச்எஸ்என் ரிப்போர்ட் இப்போ யாருக்கு வேணும், விடுங்க. ரெண்டு நாள் தூக்கத்த மறந்துடுங்க, நானும் கூடவே இருக்கேன். பிரியாணி என் செலவு. நவராத்திரிக்கு ஊருக்குப் போறவங்க கவலைப்படாதீங்க, பாத்துக்கலாம். ஓகேவா? போலாமா?”

நல்ல பேச்சு. சிரிப்பு எழுந்திருக்கும், தோள்கள் தளர்ந்திருக்கும். ஆனால் அன்று விடுப்பில் இருந்தவர், கோவையில் வீட்டிலிருந்து வேலை செய்பவர், வாடிக்கையாளர் தொலைபேசிகளை எடுக்கும் பிரிவு, லீடுக்கு மேலே இருக்கும் மேலாளர் எல்லோருக்கும் இது எழுத்தாகப் போக வேண்டும். அந்த எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே அதைத் தமிழில் வைத்துப் பார்க்கிறேன்.

பலர் இந்த இடத்தில் செய்வது சொல்லுக்குக் கோட்டு மாட்டிவிடுவது. ‘பின்னிட்டாங்க’ என்பது ‘சிறப்பான பங்களிப்பு’ ஆகிவிடும். ‘முடிச்சிடலாம்’ என்பது ‘அனைவரும் ஒருங்கிணைந்து முழு அர்ப்பணிப்புடன் செயல்படுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ ஆகிவிடும். பேச்சில் இருந்த உயிர் போய்விடும். அதற்கு ஈடாகத் தகவல் ஏதும் வராது. பேசும்போது குரலும் முகமும் செய்த வேலையைப் பெயரடைகளைக் கொண்டு செய்யப் பார்ப்பதால் வரும் வினை இது.

குரல் என்ன வேலை செய்கிறது? அமெரிக்க ஆய்வாளர் ஜெரமையா சல்லிவன் 1988இல் தலைவர்கள் பணியாளர்களிடம் பேசுவதை மூன்றாகப் பிரித்தார்: என்ன செய்ய வேண்டும் என்ற ஐயத்தைக் குறைக்கும் பேச்சு, மனிதராக மதித்துப் பரிவு காட்டும் பேச்சு, வேலைக்கு என்ன பொருள் என்று உணர்த்தும் பேச்சு. மேலே உள்ள பேச்சை இந்த மூன்றில் இட்டுப் பார்த்தால், பரிவு நிரம்பி வழிகிறது. பொருளும் இருக்கிறது: ஷட்டர் தூக்கும் கடைக்காரர். முதலாவதுதான் மெலிவு. யார், எதை, எப்போதுக்குள் என்பது எந்த வேலைக்கும் இல்லை. நேரில் அது பெரிதாக உறுத்தாது. பேச்சு முடிந்ததும் இரண்டு பேர் லீடின் மேசைக்குப் போய்க் கேட்டுவிடுவார்கள். எழுத்தைப் படிப்பவருக்கு அந்த மேசை இல்லை. ஆகவே எடை இடம் மாற வேண்டும்.

வாக்கியம் வாக்கியமாகப் பார்த்தால் மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவு வேண்டியதில்லை. கடைக்காரர் ஷட்டர் தூக்குவதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தொழில்முறைக் குறிப்பு என்பதற்காக அதை ‘வாடிக்கையாளர் அனுபவம்’ ஆக்கத் தேவையில்லை. பிரியாணியும் இருக்கட்டும்.

‘பின்னிட்டாங்க’ என்பதற்குக் காரணம் தேவை. ரேட் மாஸ்டரில் அவர்கள் செய்தது என்ன? பழைய விகிதத்தின் மேல் புதியதை எழுதாமல், ஒவ்வொரு விகிதத்துக்கும் ‘எந்தத் தேதியிலிருந்து’ என்று ஒரு புலம் சேர்த்தார்கள். சோப்பு 21 வரை 18, 22 முதல் 5 என இரண்டும் அருகருகே இருக்கின்றன. இதைச் செய்யாதிருந்தால் ரிட்டர்ன் வேலை பல மடங்காகியிருக்கும். 10ஆம் தேதி 18 சதவீதத்தில் விற்ற சோப்புப் பெட்டி 24ஆம் தேதி திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் பழைய 18தான் வர வேண்டும். 5 வந்தால் கடைக்காரர் கட்டிய வரியின் ஒரு பகுதி கணக்கில் தொங்கிப்போகும். பழைய விகிதம் அழியாமல் இருப்பதால் மூல பில்லின் தேதியைப் பார்த்தால் போதும். பாராட்டை இப்படி எழுதினால் செய்தவருக்குத் தன் வேலை புரிந்துகொள்ளப்பட்டது என்று தெரியும். மீதி வேலை ஏன் கைக்கடக்கம் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். ஊக்கம் இந்த இடத்தில் தகவலாகவே வருகிறது.

டெஸ்டிங் ஆட்கள் மீதான கிண்டல்தான் எழுத்தில் மிகவும் ஆபத்தானது. ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் சகாக்களுடன் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மின்னஞ்சலில் தங்கள் கிண்டல் கிண்டலாகவே போய்ச் சேரும் என்று எழுதியவர்கள் நம்பிய அளவுக்கு அது போய்ச் சேரவில்லை. இங்கே அதைவிடவும் ஒரு படி மேல். ‘பக் போடாதீங்க’ என்பது எழுத்தில் வந்தால் பிழைகளைப் பதியாதே என்ற உத்தரவாகவே நிற்கும். திங்கட்கிழமை தவறான வரியோடு பில் போனால் முதலில் தேடி எடுக்கப்படுவது அந்த வாக்கியம்தான். அதற்காகக் கிண்டலைச் சும்மா நீக்கிவிடுவதும் சரியில்லை. அதற்குள் ஒரு நியாயமான கவலை இருந்தது. சின்னச் சின்னப் பிழைகள் குவிந்து பெரியவற்றை மறைத்துவிடும் என்ற கவலை. அந்தக் கவலை குறிப்பில் முன்னுரிமை விதியாக வர வேண்டும்.

எச்எஸ்என் ரிப்போர்ட் பற்றிய ‘யாருக்கு வேணும்’ என்பதும் அப்படியே. லீடின் முடிவு சரி. அந்தச் சுருக்கம் தேவைப்படுவது செப்டம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு; மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் அக்டோபர் 11. ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்தவர் காதில் அந்தப் பேச்சு ‘உன் வேலை வீண்’ என்று விழும். காரணத்தையும் தேதியையும் சேர்த்துவிட்டால் அதே முடிவு அவரைக் குத்தாது.

‘தூக்கத்த மறந்துடுங்க’ என்பதில்தான் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். பேச்சில் அது மிகைப்படுத்தல்; எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் அது இரவு முழுக்க வேலை செய் என்று நிறுவனம் கேட்டதற்கான சான்று. ‘மேலும் சில கூடுதல் மணிநேரம் தேவைப்படலாம்’ என்று மழுப்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் அதற்கு மேல்வரம்பே இல்லை. எத்தனை மணி வரை, எந்த நாள், ஈடாக என்ன என்று எழுத முடியாத லீடு அந்த வேலையைக் கேட்கும் நிலையில் இல்லை என்றே சொல்வேன். ‘நானும் கூடவே இருக்கேன்’ என்பதும் எழுத்தில் மணிக்கணக்காக மாற வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் குறிப்பு ஏறக்குறைய இப்படி வரும்:

“வணக்கம். திங்கள் 22ஆம் தேதி காலை கடைகள் ஷட்டர் தூக்கும்போது பில்லில் புதிய வரி வர வேண்டும். அதற்கு நாம் நல்ல நிலையில் இருக்கிறோம்.

ரேட் மாஸ்டர் இன்று முடிந்தது. விகிதங்களைத் தேதிவாரியாக வைத்ததால், மீதமுள்ள ரிட்டர்ன் வேலை மூல பில்லின் தேதியைப் படிப்பதோடு முடிகிறது. அதைச் செய்த இருவருக்கும் நன்றி.

ரிட்டர்ன் வெள்ளி மாலை 6 மணிக்குள் டெஸ்டிங்குக்கு வர வேண்டும். வராவிட்டால் ரிட்டர்னில் மட்டும் விகிதத்தைக் கடைக்காரரே தேர்ந்தெடுக்கும்படி விட்டு வெளியிடுவோம். அந்த முடிவை 6 மணிக்கு நான் எடுப்பேன்.

டெஸ்டிங் குழு: வரியையோ தொகையையோ தவறாகக் காட்டும் பிழை எதுவானாலும், எந்த நேரமானாலும் உடனே பதியுங்கள். திரையின் தோற்றம் சார்ந்தவற்றைத் தனியாகக் குறித்து வையுங்கள். 23க்குப் பிறகு எடுப்போம். எந்த வகை என்று சந்தேகம் வந்தால் என்னிடம் விடுங்கள்.

எச்எஸ்என் சுருக்கம் இந்த வெளியீட்டில் இல்லை. கடைகளுக்கு அது அக்டோபர் 11க்குள் தேவை. நாம் 6ஆம் தேதி தருவோம். ஒரே பொருளுக்கு ஒரே மாதத்தில் இரண்டு விகிதம் வருவதால் அதற்கு நிதானமான நேரம் வேண்டும்.

வியாழனும் வெள்ளியும் இரவு 9 வரை இருக்க வேண்டி வரலாம். அதற்கு மேல் வேண்டாம். தேவைப்பட்டால் வேலையைக் குறைப்போம். நான் இரண்டு நாளும் 9 வரை இருப்பேன். சனிக்கிழமை வருபவர்களுக்கு ஈடுவிடுப்பு உண்டு. ஒப்புதல் பெற்ற நவராத்திரி விடுப்பு எதுவும் ரத்தாகாது. வெள்ளி இரவு பிரியாணி என் செலவு.”

பேச்சைவிட இது நீளம். வேகம் குறைவு. ‘போலாமா?’ இதில் இல்லை, இருந்திருந்தால் நாடகமாகியிருக்கும். ‘போன தடவை சொதப்பினது’ முற்றிலும் போய்விட்டது, அது சரியும்கூட. அந்தத் தவறைச் செய்தவர் குழுவிலேயே இருக்கிறார். நேரில் சொன்னபோது லீடு அவர் பக்கம் திரும்பாமல் சொல்லியிருக்கலாம். எழுத்தில் அந்த நாசூக்குக்கு வழியில்லை. மேலாளர் படித்துவிட்டு ‘யார் அது?’ என்று கேட்பார்.

குறிப்பில் சேர்ந்த ஒன்று பேச்சில் இருந்திருக்கவே முடியாது: வெள்ளி 6 மணிக்குள் வராவிட்டால் என்ன என்பது. நின்றபடி உற்சாகப்படுத்தும்போது தோல்விக்கான வழியைச் சொன்னால் காற்று இறங்கிவிடும். தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கோ அதுவே ஆறுதல். ரிட்டர்ன் எழுதும் இருவரின் தலையில் மொத்த வெளியீடும் தொங்கவில்லை என்று அந்த வாக்கியம் சொல்கிறது. தொங்குகிறது என்ற பயத்தோடு இரவு 8 மணிக்கு எழுதப்படும் நிரல் எப்படி இருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆகவே வரிசையும் முக்கியம். முதலில் பேச்சு, அரை மணி நேரத்துக்குள் குறிப்பு. குறிப்பை முன்னால் அனுப்பிவிட்டுப் பேசினால் கேட்பவர்கள் ஏற்கெனவே ஈடுவிடுப்புக் கணக்கில் இறங்கியிருப்பார்கள். மறுநாள் காலைக்குத் தள்ளினால் கோவையில் இருப்பவர் அதற்குள் யாரிடமோ கேட்டு ‘லீடு தூங்க வேண்டாம்னு சொன்னாராம்’ என்ற வடிவத்தைப் பெற்றிருப்பார். பிறகு வெள்ளி மாலை 6 மணிக்கு நான்கு வரியில் இரண்டாவது குறிப்பு போக வேண்டும்: ரிட்டர்ன் வந்ததா, எந்த வழி, சனிக்கிழமை யார், எத்தனை மணிக்கு.