தூலூஸ் ஸ்கோரில் எழுதப்படாத ராலிகள்

9-5, 9-7, 7-9, 9-1. ஸ்குவாஷ் வரலாற்றில் மிக அதிகம் பேசப்பட்ட ஸ்கோர் இதுதான். 1986 நவம்பரில் பிரான்ஸின் தூலூஸ் நகரில் நடந்த உலக ஓப்பன் இறுதியாட்டத்தில் நியூசிலாந்தின் ராஸ் நார்மன் ஜஹாங்கீர் கானை வீழ்த்தினார். 1981 முதல் ஜஹாங்கீர் தோற்றதே இல்லை. அந்தத் தொடர் வெற்றிக் கணக்கு 555 ஆட்டங்கள் என்று பதிவாகியிருக்கிறது.

பழைய இதழ்களிலும் நாளிதழ்களிலும் ஸ்குவாஷ் முடிவுகளைத் தேடித் திரட்டிவரும் எனக்கு, அந்தத் தோல்வியைவிட அந்த ஐந்தரை ஆண்டுகள்தான் பெரிய புதிராகத் தெரிந்தன. ஒரு மனிதர் எப்படி இவ்வளவு காலம் தோற்காமல் இருந்தார்? அவருடைய திறமையும் உடல் வலுவும் முதல் காரணம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அன்று புள்ளி எண்ணிய முறைக்கும் அதில் பங்கு உண்டா? உண்டென்றால் எவ்வளவு?

அன்றைய முறைப்படி சர்வீஸ் போடுபவர் மட்டுமே புள்ளி பெற முடியும். எதிராளி ராலியை வென்றால் அவருக்குப் புள்ளி கிடைக்காது, சர்வீஸ் மட்டும் கைமாறும். இந்தக் கைமாற்றத்துக்கு ஹேண்ட்-அவுட் என்று பெயர். முதலில் 9 புள்ளி எடுப்பவருக்கு கேம். இன்றைய முறையில் யார் சர்வீஸ் போட்டாலும் ராலியை வென்றவருக்கே புள்ளி, 11 எடுத்தால் கேம். ஏற்கெனவே ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி தரும் முறையில் ஆடிவந்த ஆண்கள் தொழில்முறைச் சுற்று 2004-இல் 15-லிருந்து 11-க்கு இறங்கியது. உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பு 2009-இல் எல்லா நிலைகளுக்கும் 11-ஐ ஏற்றது.

இரு முறைகளையும் ஒப்பிட வேண்டுமானால் ராலிகளின் எண்ணிக்கை வேண்டும். இங்கேதான் ஆவணம் கைவிரிக்கிறது. இன்றைய 11-8 என்ற ஸ்கோரைப் பார்த்தாலே 19 ராலிகள் நடந்தன என்று சொல்லிவிடலாம். 1986-இன் 9-7 அப்படி எதையும் சொல்வதில்லை. 16 புள்ளிகள் தெரிகின்றன. அவற்றுக்கு நடுவே சர்வீஸ் எத்தனை முறை கைமாறியது என்பதை எந்தச் செய்தித்தாளும் அச்சிடவில்லை. 9-0 என்று முடிந்த கேம் கூட அரைமணி நேரப் போராட்டமாக இருந்திருக்கலாம்.

வழி காட்டியது ஒரு மார்க்கர் தாள். ஸ்குவாஷில் ஸ்கோரை உரக்கச் சொல்லி எழுதிக்கொள்பவரை மார்க்கர் என்பார்கள். பழைய கிளப் போட்டி ஒன்றின் தாள்கள் சில என் கைக்கு வந்தன. ஒவ்வொரு சர்வீஸும் வலப்பக்கமா இடப்பக்கமா என்ற குறி, பக்கத்தில் அந்நேரப் புள்ளி, சர்வீஸ் கைமாறும் இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுகளை எண்ணினால் செய்தித்தாள் மறைத்தது வெளியே வந்துவிடும். ஏனென்றால் ஒவ்வொரு ராலியும் ஒன்று புள்ளியில் முடிகிறது, இல்லையென்றால் ஹேண்ட்-அவுட்டில் முடிகிறது. 9-6 என்று முடிந்த ஒரு கேமில் 18 கோடுகள் இருந்தன. ஆக 15 புள்ளிகளும் 18 கைமாற்றங்களும் சேர்ந்து 33 ராலிகள். சர்வீஸ் மாறிமாறித்தான் போகும் என்பதால் கைமாற்றங்கள் ஆளுக்கு ஒன்பது. வென்றவர் 18 ராலி, தோற்றவர் 15 ராலி. புள்ளிக் கணக்கில் 60 சதவீதம் எடுத்தவர், ராலிக் கணக்கில் 55 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு செய்திகள் பிடிபட்டன. முதலாவது, கைமாற்றங்கள் இருவருக்கும் சமமாகவோ ஒன்று மட்டும் கூடுதலாகவோதான் இருக்க முடியும். ஒரு கேமை முடித்தவரே அடுத்த கேமிலும் சர்வீஸைத் தொடங்குவார் என்பதால், இது ஆட்டம் முழுவதற்கும் பொருந்தும். எனவே மொத்த ராலிகள் தெரியாவிட்டாலும், இருவரும் வென்ற ராலிகளுக்கு இடையிலான வித்தியாசம் ஸ்கோரிலேயே இருக்கிறது. தூலூஸில் நார்மன் 34 புள்ளி, ஜஹாங்கீர் 22. கடைசிப் புள்ளியை எடுத்தவர் நார்மன். ஆக அவர் ஜஹாங்கீரைவிட 12 ராலிகள் கூடுதலாக வென்றிருக்க வேண்டும். முதல் சர்வீஸ் ஜஹாங்கீருடையதாக இருந்திருந்தால் 13. மூன்றாவது விடை கிடையாது.

இரண்டாவது செய்திதான் புதிரின் சாவி. சர்வீஸ் கையில் இருக்கிறது என்றால் முந்தைய ராலியை வென்றிருக்கிறீர்கள் என்று பொருள். ஆகவே பழைய முறையில் ஒரு புள்ளி என்பது தொடர்ந்து இரண்டு ராலிகளை வெல்வது. ஒருவர் நூறு ராலிகளில் 55 வெல்லக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் அடுத்தடுத்து இரண்டை வெல்லும் வாய்ப்பு 0.55 × 0.55, அதாவது நூற்றுக்கு 30 சொச்சம். எதிராளிக்கு 0.45 × 0.45, நூற்றுக்கு 20 சொச்சம். மீதிப் பாதி ராலிகள் வெறும் கைமாற்றங்கள். முப்பதுக்கு இருபது என்றால் 60-க்கு 40. ராலியில் 55-45 ஆக இருந்த இடைவெளி, புள்ளியில் 60-40 ஆக விரிந்துவிடுகிறது.

இதே வழியில் தூலூஸுக்குத் திரும்பினால், 34-க்கு 22 என்ற புள்ளிகளின் வர்க்கமூலத்தை எடுத்து நார்மன் ஏறக்குறைய 55 சதவீத ராலிகளை வென்றார் என்று மதிப்பிடலாம். மொத்தம் ஏறத்தாழ 110 ராலிகள். இது மதிப்பீடுதான், புள்ளியே விழாமல் சர்வீஸ் நெடுநேரம் கைமாறிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை கூடும், சதவீதம் 50-ஐ நோக்கி இறங்கும். ஆனால் வித்தியாசம் 12 அல்லது 13 என்பது அசையாது. ஐந்தரை ஆண்டுச் சாதனை இந்தச் சிறு இடைவெளியில் முடிந்திருக்கிறது.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். 55-45 என்ற அதே இரு ஆட்டக்காரர்களை, ஐந்தில் மூன்று கேம் என்ற அதே ஆட்டத்தில், வெவ்வேறு புள்ளிமுறைகளில் மோதவிட்டுக் கணக்கிட்டேன். பழைய 9 புள்ளி முறையில் பலவீனமானவர் நூறில் 13 அல்லது 14 ஆட்டங்களை வெல்வார். ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி தரும் 15 முறையில் 15-க்கு மிக அருகே. 11 முறையில் 18.

நான் எதிர்பார்க்காத இடம் அந்த நடு எண். 'எல்லா ராலிக்கும் புள்ளி' என்ற மாற்றம்தான் விளையாட்டின் குணத்தை மாற்றியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பழைய முறையில் ஒரு கேமுக்கு ஏறக்குறைய 30 ராலி பிடிக்கும், 15 முறையில் 26 போல. இரண்டும் வலியவருக்கு ஏறக்குறைய ஒரே அளவு பாதுகாப்பு தந்தன. 11-க்கு இறங்கியபோதுதான் கேம் 19, 20 ராலிகளாகச் சுருங்கி, அந்தப் பாதுகாப்பும் கரைந்தது. எனவே எல்லைக்கோடு 2004-இல் இருக்கிறது. பழைய முடிவுகளை 'கைமாற்றக் காலம்', 'ராலிப் புள்ளிக் காலம்' என்று இரண்டாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் 15 புள்ளி ஆண்டுகளைத் தவறான பக்கத்தில் சேர்த்துவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

டேபிள் டென்னிஸ் இதையே வேறு கோணத்திலிருந்து உறுதிசெய்கிறது. 2001 செப்டம்பரில் அங்கே கேம் 21-லிருந்து 11-ஆகக் குறைந்தது, ஆனால் கேம்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 55-45 ஜோடிக்கு, 21 புள்ளியில் ஐந்தில் மூன்று என்றால் பலவீனமானவருக்கு நூறில் 11 வெற்றி. 11 புள்ளியில் ஏழில் நான்கு என்றால் 14. ஏழு கேம்கள் வைத்ததால் சரிவு பெருமளவு தடுக்கப்பட்டது. ஸ்குவாஷ் 11-க்கு இறங்கியபோது ஐந்து கேமிலேயே நின்றுவிட்டது.

அதைவிடக் குறுகிய முறையைச் சென்னை பார்த்திருக்கிறது. 2023 ஜூனில் இங்கே நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பையில் கேமுக்கு 7 புள்ளிதான். 6-6 ஆனால் அடுத்த ராலியே முடிவு. அதே ஜோடியை அதில் இறக்கினால் பலவீனமானவர் நூறில் 24, 25 ஆட்டங்களை வெல்வார். நான்கில் ஒன்று.

ஒற்றை ஆட்டத்தில் 14-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாது. நீண்ட தொடரில்தான் அது பேருருவம் எடுக்கும். ராலியில் 60-40 என்று மேலோங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் அவர் நூறில் ஓர் ஆட்டம் போலத் தோற்பார், 11 முறையில் மூன்றுக்குச் சற்று மேல். இவ்வகை எதிராளிகளோடு தொடர்ந்து நூறு ஆட்டங்கள் தோற்காமல் இருக்க, பழைய முறையில் ஏறக்குறைய 30 சதவீத வாய்ப்பு உண்டு. 11 முறையில் அது 3 சதவீதம். ஜஹாங்கீரின் எதிராளிகளில் பலர் நூறில் 40 ராலிகூட எடுக்கமுடியாதவர்கள், ஆகவே இந்த எண்களை அப்படியே அவர்மேல் ஏற்றக்கூடாது. ஆனால் பத்து மடங்கு என்ற அந்த விகிதம், 555 போன்ற தொடரை இன்று யாரும் நெருங்காததற்கு ஒரு காரணத்தைக் காட்டுகிறது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒவ்வொரு ராலியையும் தனித்தனியாக, ஒரே வாய்ப்புள்ளதாகக் கருதுகிறது. கோர்ட்டில் அப்படி இல்லை. பழைய முறையில் சர்வீஸ் கையில் இருப்பவர் துணிந்து அடிக்கலாம், தவறினால் புள்ளி போகாது. எதிரே நிற்பவர் தவறினால் புள்ளி போய்விடும், அவர் அடக்கி ஆடுவார். 110 ராலிகளின் கடைசி முப்பதில் யாருடைய கால்கள் தாங்கும் என்பதும் கணக்கில் இல்லை. எவரையும் ஓடவிட்டே களைக்கக்கூடியவர் என்று பெயர் எடுத்த ஜஹாங்கீருக்கு நீண்ட கேம் இரட்டை லாபம். அதனால் மேலே சொன்ன இடைவெளிகள் அவர் விஷயத்தில் இன்னும் பெரிதாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதைச் சோதிக்க மார்க்கர் தாள்கள் வேண்டும். ஒரே ஆட்டத்தின் முதல் கேமிலும் நான்காம் கேமிலும் உள்ள கைமாற்றக் கோடுகளை எண்ணி, ராலி விகிதம் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கசக்கி எறியப்படுபவை இந்தத் தாள்கள்தான். பழைய கிளப்களின் அலமாரியிலோ, நடுவராக இருந்தவர்கள் வீட்டுப் பரணிலோ அவை இருந்தால், இறுதி ஸ்கோரை மட்டும் குறித்துக்கொண்டு தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு வேண்டியது அந்தக் கோடுகள்.