போலி மாறிப் பொறி

புள்ளியியலில், போலி மாறிப் பொறி என்பது ஒரு தொடர்புப் போக்குச் சமன்பாட்டில் மாறிலி உறுப்பையும், ஒரு பண்பின் எல்லா வகைகளுக்குமான போலி மாறிகளையும் ஒருங்கே சேர்ப்பதால் கெழுக்களைத் தனித்து நிர்ணயிக்க இயலாமல் போகும் நிலை ஆகும். காலாண்டு, பாலினம், மாவட்டம் போன்ற எண்ணல்லாத பண்புகளைச் சமன்பாட்டில் புகுத்த 0 அல்லது 1 என்னும் மதிப்பை மட்டும் ஏற்கும் மாறி போலி மாறி (டம்மி மாறி) எனப்படுகிறது.

## எடுத்துக்காட்டு

R மென்பொருளுடன் வரும் `UKgas` என்னும் தரவுத் தொகுதி, ஐக்கிய இராச்சியத்தின் 1960 முதல் 1986 வரையிலான காலாண்டு எரிவாயு நுகர்வைத் தருகிறது. அலகு பத்து இலட்சம் தெர்ம். அதன் முதல் இரண்டு ஆண்டுகள் வருமாறு:

| காலாண்டு | 1960 | 1961 | சராசரி |
|---|---|---|---|
| 1 (சனவரி–மார்ச்) | 160.1 | 160.1 | 160.1 |
| 2 (ஏப்ரல்–சூன்) | 129.7 | 124.9 | 127.3 |
| 3 (சூலை–செப்டம்பர்) | 84.8 | 84.8 | 84.8 |
| 4 (அக்டோபர்–திசம்பர்) | 120.1 | 116.9 | 118.5 |

குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க எரிவாயு மிகுதியாகத் தேவைப்படுவதால் முதல் காலாண்டில் நுகர்வு உச்சத்தில் உள்ளது.

## பொறி உருவாகும் விதம்

நான்கு காலாண்டுகளுக்கும் D1, D2, D3, D4 என நான்கு போலி மாறிகளை அமைத்தால், எந்த ஒரு பதிவிலும் அவற்றுள் ஒன்று மட்டுமே 1 ஆக இருக்கும். ஆகவே D1 + D2 + D3 + D4 = 1 என்பது எப்போதும் உண்மை. மாறிலி உறுப்புக்குரிய நிரலும் முழுவதும் 1 ஆகவே உள்ளது. ஒரே செய்தி இருமுறை சொல்லப்படுகிறது.

இதன் விளைவை எண்களால் காணலாம். மாறிலியை 0 எனக் கொண்டால் கெழுக்கள் 160.1, 127.3, 84.8, 118.5 ஆகும். மாறிலியை 100 எனக் கொண்டால் அவை 60.1, 27.3, –15.2, 18.5 ஆகும். இரண்டும் ஒரே மதிப்பீடுகளையே தருகின்றன. இவ்வாறு எண்ணற்ற தீர்வுகள் இருப்பதால் மீச்சிறு வர்க்க முறைக்குத் தேவையான நேர்மாறு அணி கிடைப்பதில்லை.

## தவிர்க்கும் முறை

ஒரு வகையின் போலி மாறியை விட்டுவிடுவதே வழக்கமான முறை. விடப்பட்ட வகை *அடிப்படை வகை* எனப்படும். R தானாகவே முதல் வகையை விட்டுவிடுகிறது.

```
y <- window(UKgas, end = c(1961, 4))
q <- factor(cycle(y))
lm(y ~ q)
```

விடைகள்: மாறிலி 160.1, `q2` –32.8, `q3` –75.3, `q4` –41.6.

மாறிலியை நீக்கி நான்கு போலி மாறிகளையும் வைத்துக்கொள்வது மற்றொரு முறை (`lm(y ~ 0 + q)`). அப்போது கெழுக்கள் நான்கு சராசரிகளாகவே அமையும். ஆனால் R இவ்வடிவில் R² அளவைச் சராசரியிலிருந்து அல்லாமல் சுழியிலிருந்து கணக்கிடுவதால், அதை முந்தைய வடிவத்தின் R² உடன் ஒப்பிடக் கூடாது.

## கெழுக்களின் பொருள்

`q3` இன் கெழு –75.3 என்பது மூன்றாம் காலாண்டின் நுகர்வு அன்று. அது முதல் காலாண்டைவிட எவ்வளவு குறைவு என்பதே அதன் பொருள். மூன்றாம் காலாண்டை அடிப்படையாக்கினால் மாறிலி 84.8 ஆகவும், மற்ற கெழுக்கள் +75.3, +42.5, +33.7 ஆகவும் மாறும். குறிகள் தலைகீழானாலும் மதிப்பீடுகள் மாறுவதில்லை.

தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு கெழுவுக்கான t-சோதனை அவ்வகையை அடிப்படை வகையுடன் மட்டுமே ஒப்பிடுகிறது. முக்கியத்துவம் இல்லை எனக் கருதி ஒரு போலி மாறியை நீக்கினால், அவ்வகை அடிப்படை வகையுடன் ஒன்றாகிவிடும். எஞ்சிய எல்லாக் கெழுக்களின் பொருளும் மாறிவிடும். பருவ விளைவு உண்டா என்பதை மூன்று கெழுக்களையும் சேர்த்துச் செய்யும் F-சோதனையால் அறிய வேண்டும்.

## கண்டறிதல்

நான்கு போலி மாறிகளையும் கையால் சேர்த்தால் R கடைசி மாறியின் கெழுவுக்கு `NA` எனக் காட்டும். பைத்தானின் `statsmodels` நூலகத்தில் `OLS` பிழை எதுவும் காட்டாமல் ஐந்து எண்களைத் தரும். சுருக்க அறிக்கையின் அடிக்குறிப்பில் மட்டுமே எச்சரிக்கை இருக்கும். அவ்வெண்கள் எண்ணற்ற தீர்வுகளுள் ஒன்று என்பதால் அவற்றைத் தனித்தனியே விளக்க முடியாது.

## வரம்பு

பருவப் போலி மாறிகள் பருவ வேறுபாடு ஆண்டுதோறும் ஒரே அளவில் இருப்பதாகக் கருதுகின்றன. 1986 இல் முதல் காலாண்டு நுகர்வு 1163.9, மூன்றாவது 347.4, வேறுபாடு 75.3 இலிருந்து 816.5 ஆக வளர்ந்துவிட்டது. இத்தகைய தரவுக்கு y இன் இயல் மடக்கையை எடுத்து, காலப்போக்கு மாறியையும் சேர்ப்பது பொருத்தமானது. மடக்கை வடிவில் கெழுவை நேரடியாக விழுக்காடாகப் படிக்கக் கூடாது. 1960–61 தரவில் `q3` இன் கெழு –0.6355 ஆகும். e^(–0.6355) = 0.53 என்பதால், நுகர்வு முதல் காலாண்டைவிட ஏறத்தாழ 47% குறைவு, 64% அன்று.