சந்தையில் எண்ணும்போது யார் விடுபடுகிறார்கள்?

சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களில் எத்தனை பேர் நுண்கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? கேள்வி இலகுவானது. ஆனால் பதில் தேடிப் போகிறவர் முதல் அடியிலேயே தடக்கி நிற்பார், ஏனெனில் இந்த வியாபாரிகளுக்கு ஒரு பட்டியல் கிடையாது. வாக்காளர் இடாப்பு ஆட்களை வீட்டோடு சேர்த்துத்தான் பதிகிறது. நிரந்தரக் கடை எடுத்தவர்களின் பெயர் உள்ளூராட்சி சபையில் இருக்கலாம். நிலத்தில் சாக்கு விரித்து விற்கிறவரோ அன்றைய இடவரியைக் கட்டிவிட்டு, பொருள் முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார். அவர் எங்கிருந்து வந்தார், நாளைக்கும் வருவாரா என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

இப்படியான ஆட்களை ஆய்வு செய்ய உருவான முறைதான் நேர-இட மாதிரி எடுப்பு. ஆட்களின் பட்டியலுக்குப் பதிலாக, அவர்கள் கூடும் இடங்களினதும் நேரங்களினதும் பட்டியலைத் தயாரிப்பதே இதன் அடிப்படை. இது சந்தைக்காக உருவானதல்ல. அமெரிக்காவில் 1990களில், ஆண்களோடு உறவுகொள்ளும் இளைஞர்களிடையே எச்.ஐ.வி. பரவலை அறிய நடந்த ஆய்வில் இது பெரிய அளவில் கையாளப்பட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்க முடியாத விடயம் என்பதால், மதுச்சாலைகள், நடன விடுதிகள், தெருமுனைகள் ஆகியவற்றை நாளும் மணியும் குறித்து அட்டவணையாக்கி அங்கே போனார்கள். நோக்கம் வேறு என்றாலும் சந்தைக்கும் கணக்கு அதேதான்.

வலிகாமத்திலும் தென்மராட்சியிலுமாக ஐந்து சந்தைகளை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சுன்னாகம், மருதனார்மடம், திருநெல்வேலி, சாவகச்சேரி, கொடிகாமம். கிழமைக்கு ஏழு நாள். காலையை ஐந்து மணி முதல் எட்டு வரை, எட்டு முதல் பதினொன்று வரை என்று இரண்டாகப் பிரித்தால் மொத்தம் 70 துண்டுகள் வரும். ‘சுன்னாகம், செவ்வாய், ஐந்து முதல் எட்டு’ என்பது ஒரு துண்டு. கேள்விக்கொத்தைத் தூக்குவதற்கு முன் ஓரிரு கிழமை சும்மா போய்ப் பார்த்து, எந்தத் துண்டில் எவ்வளவு கூட்டம் என்று எண்ணி, வெறுமையானவற்றை நீக்க வேண்டும். மிச்சத்தில் இருந்து, குலுக்கல் போல, இருபது துண்டுகளைத் தெரிவு செய்கிறோம். குழு அந்த நாளில் அந்த நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டும். மழை பெய்தால் வசதியான இன்னொரு நாளுக்கு மாற்றக் கூடாது. அடுத்த கிழமை அதே சந்தைக்கு, அதே நாளில், அதே மணிக்குப் போக வேண்டும். மழையில்லாத, பஸ் வசதியான நாட்களை மட்டும் பார்த்தால், தகவல் திரட்டுகிறவர்களுக்குத் தோதான சந்தையைத்தான் ஆய்வு செய்ததாகும்.

சந்தைக்குள் போன பிறகு இருவர் தேவை. ஒருவர் எண்ணுவார், மற்றவர் பேசுவார். எண்ணுபவர் ஒரு முனையில் தொடங்கி வரிசையாகப் போய், மூன்றாவதாக வரும் ஒவ்வொருவரையும் காட்டுவார். பேசுபவர் அவரிடம்தான் போக வேண்டும். பக்கத்தில் சும்மா இருக்கிறவரிடமோ சிரித்த முகமாக இருக்கிறவரிடமோ அல்ல. அவர் வாடிக்கையாளரோடு நிற்கிறார் என்றால் காத்திருக்க வேண்டும். மறுத்தால் மறுப்பு என்று பதிய வேண்டும். இந்த எண்ணிக்கைப் பதிவுகள் சலிப்பான வேலையாகத் தோன்றும். ஆனால் ஆய்வு கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுப்பது அவைதான். எண்ணியவர்களில் பாதிப் பேர் வயதான பெண்களாக இருந்து, பேசியவர்களில் அவர்கள் பத்தில் ஒருவராக இருந்தால், தெரிவு எங்கோ சறுக்கியிருக்கிறது.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு பெரிய சாய்வு மிஞ்சும். ஒவ்வொரு நாளும் வருகிறவர் எந்த நாளில் போனாலும் அகப்படுவார். கிழமையில் ஒருநாள் மட்டும் வருகிறவர் அந்த ஒருநாளில்தான் அகப்படுவார். ஆகவே மாதிரியில் தினசரி வியாபாரிகள் குவிந்துவிடுவார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கில் இதைப் பார்க்கலாம். ஒரே சந்தை, காலை நேரம் மட்டும். அங்கே விற்கிறவர்கள் மொத்தம் 400 பேர். இவர்களில் 120 பேர் தினமும் வருகிறார்கள். மிச்சம் 280 பேர் கிழமைக்கு ஒருநாள், நாளுக்கு 40 பேராகப் பிரிந்து வருகிறார்கள். தினமும் வருகிறவர்களில் 20 வீதமானோருக்கும், ஒருநாள் வருகிறவர்களில் 50 வீதமானோருக்கும் நுண்கடன் இருக்கிறது. அப்படியானால் கடன்பட்டவர்கள் 24 பேரும் 140 பேருமாக 164 பேர். உண்மையான விடை 41 வீதம்.

எந்த நாளில் போனாலும் அங்கே நிற்பவர்கள் 160 பேர்: தினசரி ஆட்கள் 120, ஒருநாள் ஆட்கள் 40. அத்தனை பேரிடமும் கேட்டால் முதல் கூட்டத்தில் 24 பேரும் இரண்டாவதில் 20 பேரும் கடன் இருக்கிறது என்பார்கள். 160 பேரில் 44 பேர், அதாவது 27.5 வீதம். யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணுவதிலும் பிழையில்லை. ஆனாலும் கடன்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

இதைத் திருத்த ஒரு கேள்வி போதும்: “போன கிழமை எத்தனை நாள் சந்தைக்கு வந்தீங்கள்?” ஏழு நாள் வந்தவரை ஏழில் ஒரு ஆளாகவும், ஒருநாள் வந்தவரை முழு ஆளாகவும் கணக்கில் எடுக்க வேண்டும். அப்போது தினசரி ஆட்கள் 120 பேரும் 17.14 ஆகச் சுருங்குவார்கள். அவர்களில் கடன்பட்டவர்கள் 3.43. ஒருநாள் ஆட்கள் 40, கடன்பட்டவர்கள் 20. 57.14 இல் 23.43 என்பது 41 வீதம். ஐந்து சந்தைகள் என்றால் மற்றச் சந்தைகளுக்குப் போன நாட்களையும், எத்தனை மணி வரை இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதிகாலையில் வந்து பதினொரு மணி வரை இருப்பவர் இரண்டு துண்டிலும் அகப்படக்கூடியவர்.

இந்தத் திருத்தம் இலவசமாகக் கிடைப்பதில்லை. நிறை சமமில்லாமல் போவதால், இந்த உதாரணத்தில் 160 பேரிடம் கேட்ட தகவல், சம நிறையுள்ள ஏறத்தாழ 77 பேரிடம் கேட்டதற்குத்தான் ஈடாகும். திட்டமிடும்போதே அதற்கேற்ப மாதிரியைப் பெருப்பிக்காவிட்டால், சரியான விடை கிடைத்தாலும் அது இரு பக்கமும் அதிகம் ஆடும்.

ஞாபகமும் ஏமாற்றும். “நான் ஒவ்வொரு நாளும் வாறனான்” என்பது பலருக்கு வழக்கமான பதில், கிழமைக்கு நாலு நாள் வருகிறவருக்கும்கூட. பதில்களில் ஏழு என்ற எண் சந்தேகப்படும்படி குவிந்திருந்தால், நேற்று வந்தீங்களா, முந்தநாள் வந்தீங்களா என்று நாள் நாளாகக் கேட்பது நல்லது. “உங்களோடு ஏற்கனவே ஆராவது பேசினவையா?” என்று கேட்பதும் அவசியம். ஒருவரையே இருமுறை பதியாமல் தவிர்க்கலாம். கிழமைக்கு ஒருநாள்தான் வருகிறேன் என்றவர்கள் அடிக்கடி மறுபடி அகப்பட்டால், சொன்ன நாட்கள் பிழை என்பதும் தெரியவரும்.

ஆய்வு அறிக்கை ஒன்று செய்திக் குறிப்பாகக் கைக்கு வரும்போது நான் முதலில் தேடுவது மாதிரியின் பருமனை அல்ல, இந்த நாட்கணக்குக் கேள்வி கேட்கப்பட்டதா என்பதைத்தான். கேட்டிருந்தும் கணக்கில் சேர்க்காமல் விட்ட அறிக்கைகளும் உண்டு.

நிறையிடலால் சரிக்கட்ட முடியாத ஒரு கூட்டம் இருக்கிறது. பட்டியலில் உள்ள எந்தச் சந்தைக்கும், எந்த மணிக்கும் வராதவர்கள். வெளிச்சம் வருமுன் மொத்த வியாபாரியிடம் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர், சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாக விற்கிறவர், தவணை கட்ட முடியாமல் கடன்காரருக்குப் பயந்து சந்தைப் பக்கம் வருவதையே விட்டவர். அகப்படும் வாய்ப்பு பூச்சியமாக இருக்கிறவருக்கு எந்த நிறையும் கொடுக்க முடியாது. கடன் பற்றிய ஆய்வில் இந்தக் கடைசி ஆள்தான் முக்கியமானவர் என்பதால், 41 வீதம் என்ற விடைக்குப் பக்கத்தில் ‘சந்தைக்கு வருகிறவர்களில்’ என்ற இரண்டு சொற்களையும் எழுதியாக வேண்டும்.